‘அல்ல’ என்ற சொல் காணாமல் போனபோது: விடுபட்ட சொற்களையும் இரட்டித்த சொற்களையும் பிடிக்கக் கற்ற அனுபவம்

மெய்ப்பு பார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இன்றும் நினைத்தால் மனம் கனக்கச் செய்யும் பிழை ஒன்று உண்டு. அது எழுத்துப் பிழையன்று, சந்திப் பிழையுமன்று. ஒரு சேர்க்கைக் கையேட்டின் அட்டவணையில் இருந்திருக்க வேண்டிய ‘அல்ல’ என்ற ஒற்றைச் சொல் அச்சில் இல்லாமல் போனதுதான் அது. பயிற்சி நிறுவனம் ஒன்றுக்காக அச்சான 64 பக்கக் கையேடு அது. எந்தப் பிரிவில் சேர விண்ணப்பிப்பவர் எந்தெந்தச் சான்றிதழ்களை இணைக்க வேண்டும் என்பதை விளக்கும் அட்டவணை அதில் இருந்தது. இடப்பக்கம் சான்றிதழின் பெயர், வலப்பக்கக் குறுகிய பத்தியில் ‘கட்டாயம்’ அல்லது ‘கட்டாயம் அல்ல’ என்ற குறிப்பு. பணி அனுபவச் சான்றுக்கு நேராக ‘கட்டாயம் அல்ல’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘கட்டாயம்’ என்று மட்டும் அச்சாகியிருந்தது.

கையேடு விநியோகிக்கப்பட்டுப் பல நாள்கள் கழித்து, ஒருவர் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, “பணி அனுபவமே இல்லாத என்னைப் போன்றவர்கள் விண்ணப்பிக்கவே முடியாதா?” என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. உடனே பிழைதிருத்தத் தாள் ஒன்றை அச்சிட்டு, மீதமிருந்த படிகளில் ஒட்டினார்கள். ஆனால் அதற்குள் அந்த வரியைப் படித்துவிட்டு, தமக்குத் தகுதியில்லை என்று எண்ணி, கேட்காமலே ஒதுங்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதை யாராலும் கணக்கிட முடியாது. அந்த எண்ணம்தான் விடுபட்ட சொற்களைப் பற்றியும், அவற்றின் உடன்பிறப்பான இரட்டித்த சொற்களைப் பற்றியும் முறையாகக் கற்றுக்கொள்ள என்னைத் தூண்டியது.

அந்தச் சொல் எங்கே போனது என்பதைத் தேடிப் பார்த்தோம். ஆசிரியர் தந்த மூலப்படியில் ‘அல்ல’ இருந்தது. நான் முழுமையாகப் படித்த முதல் மெய்ப்பிலும் இருந்தது. அப்போது எழுத்தளவு 10 புள்ளி; ‘கட்டாயம்’ ஒரு வரியிலும் ‘அல்ல’ அடுத்த வரியிலுமாகக் கட்டத்துக்குள் சரியாகப் பொருந்தியிருந்தது. இறுதிக் கட்டத்தில், வாசிக்கச் சிறியதாக இருக்கிறது என்று எழுத்தை 10.5 புள்ளியாக உயர்த்தியிருக்கிறார்கள். கட்டத்தின் உயரம் மாற்றப்படாமல் நிலையாக வைக்கப்பட்டிருந்தது. எனவே, இரண்டாவது வரி கட்டத்துக்குள் இடமின்றி மறைந்துவிட்டது. பக்க வடிவமைப்பு மென்பொருளில் இப்படி வழிந்த எழுத்துகள் அழிவதில்லை. கோப்புக்குள் அப்படியே இருக்கின்றன. திரையில் அந்தக் கட்டத்தில் ஒரு சிறிய சிவப்புக் குறி தோன்றும், அவ்வளவுதான். பிடிஎஃப் ஆக்கியதும் அந்தக் குறியும் இருக்காது, சொல்லும் இருக்காது.

இறுதி மெய்ப்பு என் கைக்கு வந்தபோது நான் செய்தது, இரண்டாம் மெய்ப்பில் நான் குறித்திருந்த திருத்தங்கள் சரியாக ஏற்றப்பட்டுள்ளனவா என்று அந்த அந்த இடத்தை மட்டும் பார்த்ததுதான். அட்டவணையில் நான் எந்தத் திருத்தமும் குறிக்காததால், அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். எழுத்தளவு அரைப் புள்ளி மாறினாலும் நூலின் ஒவ்வொரு வரியும் இடம் மாறுகிறது. அப்படி மாறிய மெய்ப்பு, திருத்தம் சரிபார்க்கும் மெய்ப்பு அன்று, புது மெய்ப்பு என்பதை அன்று நான் உணரவில்லை.

ஆனால் உண்மையாகவே எனக்கு உறுத்தியது வேறொன்று. அந்தப் பக்கத்தை முழுமையாகப் படித்திருந்தால்கூட நான் அதைப் பிடித்திருப்பேனா? ‘பணி அனுபவச் சான்று – கட்டாயம்’ என்பதில் படிப்பவரைத் தடுத்து நிறுத்தும்படி எதுவுமே இல்லை. அட்டவணைக்குள் முற்றுப்புள்ளி வைக்காத வழக்கம் என்பதால், முற்றுப்புள்ளி காணவில்லை என்ற தடயமும் இல்லை.

இங்கே தமிழின் இயல்பு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் பெயர்ப் பயனிலைத் தொடர்களுக்கு வினைச்சொல் தேவையில்லை. ‘இது கட்டாயம்’ என்பது நிறைவான வாக்கியம். ‘இது கட்டாயம் அல்ல’ என்பதும் நிறைவான வாக்கியம். கடைசிச் சொல்லை எடுத்துவிட்டால் தொடர் ஊனமாவதில்லை, நேர் எதிரான பொருளோடு நிமிர்ந்து நிற்கிறது. ‘கட்டணம் திருப்பித் தரத்தக்கது அல்ல’, ‘இவை ஒரே நோய்க்கான மருந்துகள் அல்ல’, ‘அவர் இக்குழுவின் உறுப்பினர் அல்ல’ என்று எந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான். வினையில் எதிர்மறை ஒட்டிக்கொண்டு வரும் ‘வராது’, ‘செய்யாதீர்கள்’ போன்றவற்றுக்கு இந்த ஆபத்துக் குறைவு. எதிர்மறை அங்கே தனிச்சொல்லாக இல்லாததால் முழுச் சொல்லும் போனால்தான் எதிர்மறையும் போகும், அப்போது வாக்கியமே உடைந்துவிடும்.

பிற மொழிகளிலும் இப்படி நடந்ததுண்டு. 1631ஆம் ஆண்டு லண்டனில் ராபர்ட் பார்க்கரும் மார்ட்டின் லூகாஸும் அச்சிட்ட ஆங்கில விவிலியப் பதிப்பு ஒன்றில், பத்துக் கட்டளைகளுள் ஒன்றில் இருக்க வேண்டிய எதிர்மறைச் சொல் விடுபட்டு, ‘விபச்சாரம் செய்வாயாக’ என்று பொருள்படும்படி கட்டளை அச்சானது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அங்கேயும் மீதமிருந்த வாக்கியம் இலக்கணப்படி குறையற்றது.

கண் ஏன் இவற்றைத் தாண்டிப் போகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் சொல்லப்போகும் முறைகளெல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. வாசிக்கும்போது நம் கண் வரியின் மீது ஒரே சீராக ஓடுவதில்லை. ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் நொடி நின்று, அடுத்த இடத்துக்குத் தாவி, மீண்டும் நிற்கிறது. சிறிய சொற்களையும், அடுத்து இதுதான் வரும் என்று மனம் எதிர்பார்க்கும் சொற்களையும் பல வேளைகளில் நிற்காமலே கடந்துவிடுகிறது. ஆகவே கண் தாவிய இடத்தில்தான் பிழை தப்புகிறது, மெதுவாக ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தால் போதும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். ஆங்கிலத்தில் ‘தி’ என்னும் சிறுசொல்லை வேண்டுமென்றே இரட்டிக்க வைத்தும் விடவைத்தும், படிப்பவர்களின் கண்ணசைவைக் கருவியால் பதிவுசெய்த ஆய்வொன்று 2019இல் வெளியானது. இரட்டித்த சொற்களின் மீது கண் நின்று பார்த்த பிறகும்கூட வாசகர்கள் பல முறை அந்தப் பிழையை உணரவில்லை என்று அது காட்டியது. கண் பார்க்கிறது, ஆனால் வாக்கியத்தைக் கட்டும் மனம் மிகையைத் தள்ளிவிட்டு, குறையை நிரப்பிக்கொள்கிறது. இதைப் படித்த பிறகுதான், இன்னும் கூர்ந்து பார்ப்பதால் பயனில்லை, பார்க்கும் முறையையே மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன்.

இரட்டித்த சொற்கள் எளிதான பக்கம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு சொல் வரியின் கடைசியிலும் அடுத்த வரியின் தொடக்கத்திலும் இருமுறை வந்தால், அது நடுவரியில் இரட்டித்த சொல்லைவிட மிக எளிதாகத் தப்பிவிடுகிறது. வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குக் கண் திரும்பும் நீண்ட தாவலில் முந்தைய சொல்லின் வடிவம் நினைவில் மங்கிவிடுகிறது. இதற்கு நான் செய்வது, பொருளைப் படிக்காமல் ஓரங்களை மட்டும் படிப்பது. ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் அடுத்த வரியின் முதல் சொல்லையும் இணையாகப் பார்த்துக்கொண்டே பக்கத்தின் அடிவரை இறங்குவேன். முப்பது வரிகள் கொண்ட ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். பக்கத்தின் கடைசிச் சொல்லையும் மறுபக்கத்தின் முதல் சொல்லையும் ஒப்பிட மறக்கக் கூடாது. தாளைத் திருப்ப வேண்டியிருப்பதால் அங்கேதான் மிக அதிகமாகத் தப்புகிறது.

கோப்பு யூனிகோடில் இருந்தால் கணினியிடமே இந்த வேலையை விடலாம். இதில் நான் முதலில் தடுமாறிய இடம் ஒன்று உண்டு. இணையத்தில் கிடைக்கும், இரட்டைச்சொல் தேடும் ரீஜெக்ஸ் என்ற தேடல் வடிவங்கள் பெரும்பாலும் `\b(\w+)\s+\1\b` என்ற அமைப்பில் இருக்கும். பைதான் நிரல்மொழியின் `re` தொகுப்பில் `\w` என்பது நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. எனவே ‘கொண்டு’ என்ற சொல் நடுவிலேயே துண்டு துண்டாக வெட்டுப்படுகிறது, தேடல் பயனற்றுப் போகிறது. சொல் எல்லையை எழுத்து வகையால் அல்லாமல் இடைவெளியால் வரையறுத்தால் இந்தச் சிக்கல் தீரும். இதற்குமேல் நம் மொழிக்கென்று ஒரு நுணுக்கமும் தேவைப்படுகிறது. ‘அந்த அந்தப் படிவம்’ என்று இரட்டித்திருந்தால் இரண்டு சொற்களும் ஒன்றல்ல, இரண்டாவதில் ஒற்று மிகுந்திருக்கிறது. ஆகவே சொல்லின் இறுதியில் க், ச், த், ப் வரலாம் என்று இடம்விட்டுத் தேட வேண்டும்.

```python
import re, unicodedata
t = open("nool.txt", encoding="utf-8").read()
t = unicodedata.normalize("NFC", t)
o = r"(?:[கசதப]\u0BCD)?"
irattai = r"(?<!\S)(\S+?)" + o + r"\s+\1" + o + r"(?![\w\u0B80-\u0BFF])"
otru = r"([கசதப])\u0BCD(?=[\s.,;])(?!\s+\1)"
for p in (irattai, otru):
    for m in re.finditer(p, t):
        print(t[max(0, m.start()-25):m.end()+25])
        print("---")
```

மூன்றாம் வரி சிலருக்குத் தேவையற்றதாகத் தோன்றலாம். ‘ொ’ என்ற குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ‘ெ’, ‘ா’ என்ற இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். பல இடங்களிலிருந்து வெட்டி ஒட்டிய கட்டுரைகளில் இது அடிக்கடி நேர்கிறது. அந்த வரி இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சான கோப்பாக இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே இதை ஓட்ட வேண்டும்.

கிடைக்கும் பட்டியலை ஒருபோதும் தானாக மாற்றும்படி விடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ‘மெல்ல மெல்ல’, ‘வேறு வேறு’, ‘சிறு சிறு குறிப்புகள்’, ‘மீண்டும் மீண்டும்’ என்று அடுக்கிச் சொல்வது நம் மொழியின் இயல்பு. ‘பார்த்துப் பார்த்துச் செய்தார்’ என்பதில் ஒன்றை நீக்கினால் ‘கருத்தோடு செய்தார்’ என்ற பொருளே போய்விடும். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நானே ‘அந்த அந்த இடத்தை’ என்று எழுதியிருக்கிறேன். கருவி அதையும் பிழைபோலவே காட்டும். ஒவ்வொன்றையும் மனிதர் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இந்தக் கருவிக்கு எட்டாத இரட்டிப்பு ஒன்றும் உண்டு. தமிழில் சொற்களின் வரிசையை மாற்றி அமைக்க நிறைய இடம் இருப்பதால், எழுதுபவர் திருத்தும்போது ஒரு சொல்லை முன்னிருந்து பின்னுக்கு நகர்த்துகிறார், பழைய இடத்தில் இருப்பதை நீக்க மறந்துவிடுகிறார். ‘பின்னர் அவர் அந்தக் கடிதத்தைப் பின்னர் படித்துப் பார்த்தார்’ என்பது போன்ற வாக்கியம் இப்படித்தான் பிறக்கிறது. இரண்டு ‘பின்னர்’களும் அடுத்தடுத்து இல்லாததால் மேலே உள்ள தேடல் இதைப் பிடிக்காது. ஆனால் வாய்விட்டு வாசித்தால் காது உடனே பிடித்துவிடும்.

இனி விடுபட்ட சொற்களுக்கு வருகிறேன். இல்லாத ஒன்றை எப்படித் தேடுவது என்பதுதான் இதில் உள்ள இடர்ப்பாடு. ஆனால் தமிழில் ஒரு சொல் போகும்போது பல வேளைகளில் தன் சுவடை முந்தைய சொல்லில் விட்டுவிட்டுப் போகிறது. ‘அவர்களுக்குத் தனியாகக் கடிதம் அனுப்பப்படும்’ என்ற வாக்கியத்தில் ‘தனியாகக்’ என்ற சொல் நீங்கினால் ‘அவர்களுக்குத் கடிதம் அனுப்பப்படும்’ என்று நிற்கும். ‘த்’ என்ற ஒற்று, இல்லாத ‘தனியாக’வை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருக்கிறது. ‘இந்தத் தாளில் எழுதக் கூடாது’ என்பதில் கடைசிச் சொல் போனால் ‘எழுதக்.’ என்று ஒற்று முற்றுப்புள்ளியை முட்டி நிற்கும். தமிழ்ச் சொற்கள் க், ச், த், ப் என்ற ஒற்றுகளில் இயல்பாக முடிவதில்லை. அடுத்து வரும் வல்லினத்துக்காகத்தான் அவை மிகுகின்றன. எனவே, ஒற்றில் முடியும் சொல்லுக்கு அடுத்து அதே எழுத்தில் தொடங்கும் சொல் இல்லையென்றால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

மேலே உள்ள நிரலில் `otru` என்ற வடிவம் இதைத்தான் தேடுகிறது. கட்டுரையாளர்கள் பலமுறை திருத்தி எழுதிய நூல்களில் இதை ஓட்டிப் பார்க்கும்போது, சொல் விடுபட்ட இடங்களும், சொல்லை மாற்றிவிட்டு ஒற்றை மாற்ற மறந்த இடங்களும் ஒரே பட்டியலில் வந்துவிடுகின்றன. இரண்டும் திருத்த வேண்டியவையே. ‘பேஸ்புக் நண்பர்’ போன்ற பிறமொழிச் சொற்களும், அடுத்த சொல் மேற்கோள் குறிக்குள் தொடங்கும் இடங்களும் வீணாகப் பட்டியலில் சேரும். அவற்றைப் பார்த்தவுடன் தள்ளிவிடலாம். ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். ‘இந்தப் புதிய படிவம்’ என்பதில் ‘புதிய’ விடுபட்டால் ‘இந்தப் படிவம்’ என்று ஒற்றுப் பொருத்தமாகவே நிற்கும், சுவடே இராது. ஒற்றுகளை ஒழுங்காக இடாத எழுத்தாளரின் பிரதியிலும் இந்த முறை அதிகம் உதவாது. ஆகவே மெய்ப்பு பார்க்கும் முன் சந்தியைச் சரிசெய்துவிடுவதற்கு, அழகைத் தாண்டிய ஒரு காரணமும் இருக்கிறது என்பது என் கருத்து.

சுவடின்றிப் போன சொற்களில், வாக்கியத்தை ஊனமாக்கிவிட்டுப் போனவற்றைக் காதால் பிடிக்கலாம். நானே எழுதிய கட்டுரையாக இருந்தால் நான் வாய்விட்டுப் படிப்பதில் பயன் குறைவு. என் வாய், இல்லாத சொல்லையும் சேர்த்தே படித்துவிடும். எனவே கணினியிலோ கைபேசியிலோ உள்ள உரை ஒலிப்பு வசதியைப் படிக்கவிட்டு, அச்சுப்படியைக் கையில் வைத்துக்கொண்டு பின்தொடர்வேன். அதற்கு எதிர்பார்ப்பு என்று ஒன்று இல்லை, இருப்பதை மட்டுமே ஒலிக்கும். வேகத்தை இயல்பைவிடச் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது. குரல் தட்டையாக இருப்பது முதலில் சலிப்பூட்டினாலும், அந்தத் தட்டைத்தன்மையால்தான் குறை துருத்திக்கொண்டு கேட்கிறது.

மூலப்படி ஒன்று தனியாக இருந்தால், இருவராக உட்கார்ந்து ஒப்பிடும் பழைய முறைக்கு ஈடாக எதையும் நான் காணவில்லை. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் பார்த்துக்கொண்டு வருவது இம்முறை. இதில் யார் எதைப் படிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மெய்ப்பை உரக்கப் படித்து மூலத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால், படிப்பவர் மெய்ப்பில் விடுபட்ட சொல்லைத் தம்மையறியாமல் நிரப்பிப் படித்துவிடுவார். கேட்பவரின் கையில் உள்ள மூலத்தில் அந்தச் சொல் இருப்பதால் அவருக்கும் எந்த ஐயமும் எழாது. பிழை இருவரையும் கடந்து போய்விடும். மூலத்தைத்தான் உரக்கப் படிக்க வேண்டும், மெய்ப்பைப் பார்ப்பவர் ஒலிக்கும் ஒவ்வொரு சொல்லின் அடியிலும் பென்சில் முனையை வைத்துக்கொண்டே நகர வேண்டும். காதில் விழுந்த சொல்லுக்குப் பென்சிலின் கீழ் இடமில்லை என்றால் அப்போதே நிறுத்திவிடலாம். நிறுத்தக்குறிகளையும் சொல்லியே படிக்க வேண்டும். இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டால் கவனம் தளராது.

பின்னிருந்து முன்னாகப் படிக்கும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு தெளிவு தேவை. சொல் சொல்லாகப் பின்னோக்கிப் படித்தால் எழுத்துப் பிழைகளும் இரட்டித்த சொற்களும் அகப்படும், ஆனால் விடுபட்ட சொல் ஒருபோதும் அகப்படாது. தொடர்ச்சியே இல்லாத இடத்தில் இடைவெளி எப்படித் தெரியும்? விடுபட்ட சொல்லுக்காகவென்றால் வாக்கியம் வாக்கியமாகப் பின்னோக்கி வர வேண்டும். கடைசி வாக்கியத்தை முழுமையாகப் படித்து, எழுவாய்க்குப் பயனிலை இருக்கிறதா, செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கு முந்தைய வாக்கியத்துக்குப் போவது. கட்டுரையின் ஓட்டம் நம்மை இழுத்துச் செல்லாததால் ஒவ்வொரு வாக்கியமும் தனியாக நிற்க வேண்டியதாகிறது.

ஆனால் மூலத்தோடு இருவராக ஒப்பிடுவதைத் தவிர, இவற்றில் வேறு எதுவுமே ‘கட்டாயம் அல்ல’ என்பதைக் காப்பாற்றியிருக்காது. அங்கே ஒற்றின் சுவடு இல்லை, காதுக்கு உறுத்தல் இல்லை, தனியாக நிறுத்திப் பார்த்தாலும் குறை இல்லை. அப்படி ஒப்பிட முடியாதபோது, இத்தகைய சொற்களை எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. விடுபட்டாலும் வாக்கியத்தை முழுமையாகவே விட்டுச் செல்லும், ஆனால் பொருளைத் திருப்பிவிடும் சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்: அல்ல, இல்லை, தவிர, மட்டும், வரை, குறைந்தது, அதிகபட்சம். விதிமுறைகள், மருந்துக் குறிப்புகள், ஒப்பந்தங்கள், தேர்வு வினாக்கள் ஆகியவற்றில் மட்டும் இவற்றை எண்ணுகிறேன். சிறுகதைக்கு இது தேவையில்லை.

எண்ணும் முறை இதுதான். ஆசிரியரின் மூலக் கோப்பில் ஒவ்வொரு சொல்லையும் முழுச் சொல்லாகத் தேடி, எத்தனை முறை வருகிறது என்று குறித்துக்கொள்கிறேன். ‘அல்ல’ என்று சும்மா தேடினால் ‘அல்லது’வும் ‘அல்லாமல்’உம் சேர்ந்து எண்ணிக்கை கெட்டுவிடும். பிறகு இறுதி மெய்ப்பின் அச்சுப்படியில், பொருளைப் படிக்காமல், அந்தச் சொல்லை மட்டும் தேடிப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே போகிறேன். வட்டங்களின் எண்ணிக்கை மூலத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

தாளில் ஏன் எண்ண வேண்டும், பிடிஎஃப் கோப்பிலேயே தேடக் கூடாதா என்று கேட்கலாம். எழுத்துக்கு இடப்பக்கம் வரும் ‘ெ’, ‘ே’, ‘ை’ ஆகிய குறிகள் பல பிடிஎஃப் கோப்புகளில் வரிசை பிறழ்ந்து சேமிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்கு ‘இல்லை’ என்று தெளிவாகத் தெரியும் சொல், தேடலில் அகப்படாமல் போகும். ‘அல்ல’ என்பதில் அத்தகைய குறி இல்லாததால் அது பெரும்பாலும் அகப்படும், ஆனால் ஒரு சொல்லுக்கு நம்பி மற்றொன்றுக்கு நம்பாமல் இருப்பதைவிடத் தாளில் எண்ணுவது மேல். வடிவமைப்பாளரிடமிருந்து பக்கங்களின் உரையை மட்டும் தனிக் கோப்பாகப் பெற்று எண்ணலாமே என்ற யோசனை இன்னும் ஆபத்தானது. கட்டத்துக்குள் இடமில்லாமல் மறைந்திருக்கும் எழுத்துகளும் அந்த உரைக் கோப்பில் வந்துவிடும். எண்ணிக்கை சரியாக இருக்கும், அச்சில் சொல் இருக்காது. எங்கள் கையேட்டில் அப்படி எண்ணியிருந்தால், எல்லாம் சரியென்று நாங்களே கையொப்பமிட்டிருப்போம்.

எனவே இப்போது வடிவமைப்பாளரிடம் இரண்டு கோரிக்கைகளை எழுத்தில் வைக்கிறேன். அட்டவணைக் கட்டங்களின் உயரத்தை நிலையான அளவில் பூட்டாமல், ‘குறைந்தது இவ்வளவு’ என்று வைத்து, உரை கூடினால் கட்டமும் வளரும்படி அமைக்க வேண்டும் என்பது ஒன்று. பிடிஎஃப் ஆக்குவதற்கு முன், வழிந்த உரை எங்கேனும் இருக்கிறதா என்று மென்பொருளின் முன்சோதனைப் பட்டியலில் பார்த்து, ஒன்றுமில்லை என்று எனக்குச் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. அந்தச் சோதனைக்கு அவருக்குச் சில நொடிகள்தான் ஆகும். அன்று அந்தச் சிவப்புக் குறி அவர் திரையில் இருந்திருக்கிறது. அதைப் பார்க்கச் சொல்லும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை என்பதுதான் குறை.

அடுத்த ஆண்டு அதே கையேடு மறுபதிப்புக்கு வந்தபோது மூலக் கோப்பில் ‘அல்ல’ என்ற சொல் 11 இடங்களில் இருந்தது. இறுதி மெய்ப்பில் முதல் முறை எண்ணியபோது எனக்கு 10 வட்டங்கள்தான் கிடைத்தன. பதற்றத்தோடு அட்டவணைக்குத்தான் முதலில் திரும்பினேன். அங்கே ‘கட்டாயம் அல்ல’ முழுமையாக இருந்தது. பதினோராவதை முன்னுரையின் இரண்டாம் பத்தியில் கண்டுபிடித்தேன். வரியின் கடைசியில், ஓரத்தை ஒட்டி, முற்றுப்புள்ளியோடு இருந்தது. அந்தப் பக்கத்தை அதற்கு முன் இரண்டு முறை கடந்திருந்தேன்.